ஓடும் தொழிலை வாங்கும்போது நற்பெயரா, மூலதனக் காப்பா: கணக்குப் போடும் முறை

நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலை வாங்கினால், வாங்கியவரின் கணக்கில் இரண்டு தொகைகள் எதிரெதிரே நிற்கும். ஒன்று, அவர் கொடுத்த விலை. மற்றொன்று, அவர் கைக்கு வந்த சொத்துகளின் மதிப்பிலிருந்து அவர் ஏற்றுக்கொண்ட கடன்களைக் கழித்த தொகை, அதாவது நிகர சொத்து. விலை கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம் நற்பெயர், வழக்கில் சொல்லும் குட்வில். நிகர சொத்து கூடுதலாக இருந்தால் அது மூலதனக் காப்பு, அதாவது கேப்பிடல் ரிசர்வ்.

சூத்திரம் ஒரே வரிதான்:

```
நற்பெயர் = கொடுத்த விலை − நிகர சொத்து
(விடை மைனஸில் வந்தால் அது மூலதனக் காப்பு)
```

கழித்தலை யாரும் தவறாகப் போடுவதில்லை. நிகர சொத்துப் பட்டியலில்தான் தவறுகிறார்கள். நற்பெயர் என்பது மிச்சமாக விழும் எண் என்பதால், பட்டியலில் எந்தப் பிழை இருந்தாலும் அது சத்தமில்லாமல் நற்பெயருக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட், அப்போதும் சமமாகத்தான் இருக்கும், எதுவும் தப்பு என்று காட்டிக்கொடுக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தப் பட்டியலைப் பற்றியதே.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சிவகாசியில் தனிநபர் ஒருவர் நடத்தும் ஆஃப்செட் அச்சகம். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள், 11 பேர் வேலை செய்கிறார்கள், கட்டடம் வாடகை. அதை ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி 24,00,000 ரூபாய்க்கு வாங்குகிறது. மாற்றும் நாள் மார்ச் 31.

முதலில், எந்த நாள், எவையெல்லாம்

மாற்றும் நாளை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். நிகர சொத்து என்பது ஒரு குறிப்பிட்ட நாளின் படம். சிவகாசியில் ஆடிப் பெருக்கையொட்டி காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்ததும் ஆர்டர் குவியும், கூடவே வாடிக்கையாளர் முன்பணமும் வரும். அக்டோபரில் வாங்கினால் அந்த முன்பணம் முழுக்க வாங்குகிறவரின் பொறுப்பு, ஏனென்றால் காலண்டரை அடித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். மார்ச்சில் அந்தத் தொகை சிறியது, ஆனால் வசூலாகாத பழைய பாக்கி நிறைய தொங்கும். அதே அச்சகம், அதே விலை என்றாலும் நாள் மாறினால் நற்பெயரும் மாறும்.

அடுத்து, எந்தச் சொத்து வருகிறது, எந்தக் கடன் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் கணக்கில் கைரொக்கமும் வங்கி இருப்பும் விற்பவரிடமே இருக்கும். இயந்திரத்தின் மேல் வாங்கிய வங்கிக் கடனை அவரே அடைத்து, வங்கியிடம் தடையில்லாக் கடிதம் வாங்கித் தருவார். வர வேண்டிய பாக்கி, சரக்கு, இயந்திரம், அட்வான்ஸ் எல்லாம் கம்பெனிக்கு. கடனீந்தோருக்குத் தர வேண்டிய பாக்கியும் வாடிக்கையாளர் முன்பணமும் கம்பெனியின் பொறுப்பு.

சில ஒப்பந்தங்களில் கடனாளிகளிடம் வசூலிக்கும் வேலையை மட்டும் வாங்குகிறவர் செய்து, பணத்தை விற்பவருக்கே கொடுப்பார். அப்படியென்றால் அந்தப் பாக்கி நிகர சொத்தில் சேரவே கூடாது. பாக்கி உங்கள் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

புத்தக மதிப்பு வேறு, ஒப்புக்கொண்ட மதிப்பு வேறு

விற்பவரின் ஐந்தொகையில் மூலதனம் 14,00,000 என்று இருக்கிறது. 24,00,000-இலிருந்து அதைக் கழித்து "நற்பெயர் 10,00,000" என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அந்த 14,00,000-க்குள் கம்பெனிக்கு வராத ரொக்கமும் வராத வங்கிக் கடனும் கலந்திருக்கின்றன. மீதி எண்களும் விற்பவர் தன் வசதிக்கும் வருமான வரிக் கணக்குக்கும் எழுதி வந்தவை, இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட மதிப்புகள் அல்ல.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

| | விற்பவர் புத்தகத்தில் (ரூ.) | வாங்குகிறவர் எடுப்பது (ரூ.) |
|---|---|---|
| இயந்திரங்கள் | 9,00,000 | 15,00,000 |
| கணினி, மேசை நாற்காலி | 1,00,000 | 60,000 |
| காகிதம், மை, பிளேட் சரக்கு | 6,50,000 | 5,40,000 |
| கடனாளிகள் | 5,00,000 | 4,40,000 |
| வாடகை அட்வான்ஸ், மின் டெபாசிட் | 2,00,000 | 2,00,000 |
| ரொக்கம், வங்கி இருப்பு | 1,50,000 | இல்லை |
| சொத்துகள் | 25,00,000 | 27,40,000 |
| கடனீந்தோர் | 4,00,000 | 4,60,000 |
| வங்கிக் கடன் | 6,00,000 | இல்லை |
| வாடிக்கையாளர் முன்பணம் | 1,00,000 | 1,00,000 |
| கிராஜுவிட்டி | இல்லை | 1,50,000 |
| கடன்கள் | 11,00,000 | 7,10,000 |
| நிகர சொத்து | 14,00,000 | 20,30,000 |

நற்பெயர் 24,00,000 − 20,30,000 = 3,70,000. முதலில் சொன்ன 10 லட்சம் எங்கே, இது எங்கே! இந்த மாற்றம் ஒவ்வொரு வரியிலும் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

இயந்திரம்தான் பெரிய வரி. ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்ததால் புத்தகத்தில் 9 லட்சம் ஆகிவிட்டது. ஆனால் நன்றாக ஓடும் பழைய நான்கு வண்ண ஆஃப்செட் இயந்திரத்துக்குச் சந்தையில் விலை உண்டு. வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்து, இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, எழுத்தில் மதிப்பு வாங்குங்கள். அந்தக் காகிதம் பின்னால் வரி அலுவலகத்திலும் ஆடிட்டரிடமும் தேவைப்படும். கணினிகளுக்கு நேர் எதிர் கதை. பழைய கணினிக்குப் புத்தகம் சொல்லும் விலையைக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள்.

சரக்கை எண்ணும்போது நீங்களே கிடங்குக்குள் போய் நில்லுங்கள். போன வருடம் அடித்து விற்காமல் கிடக்கும் காலண்டருக்கு இனிமேல் கழிவுக் காகித விலைதான். ஈரம் ஏறிய ரீம், காய்ந்துபோன மை டப்பா எல்லாம் விற்பவரின் கணக்கில் வாங்கிய விலையிலேயே நிற்கும். நம் உதாரணத்தில் இப்படி 1,10,000 குறைந்தது.

கடனாளிகள் பட்டியலைப் பெயர் வாரியாக, பில் தேதி வாரியாகக் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் போதாது. இரண்டு சீசனைத் தாண்டிய பாக்கி பெரும்பாலும் வராது. அதற்காக 60,000 ஒதுக்கினோம். இன்னொரு விஷயம்: சில அச்சகங்களில் ஒருவர் கொடுத்த முன்பணத்தை அவர் பெயரில் கடனாளிகள் லெட்ஜரிலேயே வரவு வைத்துவிடுவார்கள். அப்போது கடனாளிகள் மொத்தம் குறைந்து தெரியும், முன்பணம் என்ற கடன் கண்ணிலேயே படாது. லெட்ஜரில் வரவு மீதி காட்டும் பெயர்களைத் தனியே பிரித்தெடுத்தால் இது தெரிந்துவிடும்.

வாடகை அட்வான்ஸ் விற்பவர் பெயரில் கட்டட உரிமையாளரிடம் இருக்கிறது. உரிமையாளர் கையெழுத்துப் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்வரை அதைச் சொத்து என்று எழுத அவசரப்படாதீர்கள். மின் இணைப்புக்கும் பெயர் மாற்றம் வேண்டும்.

விற்பவரின் ஐந்தொகையில் ஏற்கெனவே "நற்பெயர் 2,00,000" என்று ஒரு வரி இருந்தால் என்ன செய்வது? அதை நிகர சொத்தில் சேர்க்கவே கூடாது. அவர் எப்போதோ வேறொருவரிடம் கொடுத்த விலையின் மிச்சம் அது. சேர்த்தால் உங்கள் நற்பெயர் அதே அளவு குறைந்து தெரியும். இன்னும் எழுதித் தீர்க்காமல் சொத்துப் பக்கத்தில் நிற்கும் தொடக்கச் செலவு, விளம்பரச் செலவு போன்றவற்றையும் இதேபோல் விட்டுவிடுங்கள். அவற்றை விற்றுப் பணமாக்க முடியாது.

புத்தகத்தில் இல்லாத கடன்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சொத்தைக் கண்ணால் பார்க்கலாம். எழுதாத கடனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காகித வியாபாரியின் பில் ஒன்றைப் பாருங்கள். சரக்கு மார்ச் 28-ஆம் தேதி வந்து கிடங்கில் இறங்கிவிட்டது, எண்ணும்போது சரக்கில் சேர்ந்துவிட்டது. பில்லை ஏப்ரலில்தான் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, சொத்து பட்டியலில் இருக்கிறது, அதற்குரிய 60,000 கடன் இல்லை. ஏப்ரல், மே மாதப் பணப் பட்டுவாடாக்களை எடுத்து, எந்தத் தேதியில் வந்த சரக்குக்கான பணம் என்று பின்னோக்கிப் பார்த்தால் இது சிக்கும். பெரிய சப்ளையர்களிடம் மார்ச் 31-இல் எவ்வளவு பாக்கி என்று எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

அடுத்தது கிராஜுவிட்டி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்த ஒருவர் விலகும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். தொழில் கைமாறிய பிறகும் தொழிலாளி தொடர்ந்து வேலை செய்தால், பழைய முதலாளியிடம் உழைத்த ஆண்டுகளும் உங்கள் கணக்கில் தொடரும். சிறு தொழில்களில் இதை யாரும் புத்தகத்தில் எழுதி வைப்பதில்லை. நம் அச்சகத்தில் ஒருவருக்கு 12 ஆண்டு, இன்னொருவருக்கு 8 ஆண்டு சர்வீஸ், இருவருக்கும் சம்பளம் 13,000. ஆண்டுக்கு 13,000 × 15 ÷ 26 = 7,500. மொத்தம் 20 ஆண்டுக்கு 1,50,000. மற்ற ஒன்பது பேரும் 5 ஆண்டை எட்டாதவர்கள். அவர்களுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்று பேரத்தில் நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

மூன்றாவது ஜிஎஸ்டி. தொழில் முழுவதும் கைமாறினால், அதுவரை செலுத்தாத வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆம் பிரிவு சொல்கிறது. பின்னால் தீர்மானிக்கப்படும் தொகையும் இதில் அடங்கும். இதற்கு இன்றைக்கே ஒரு எண் போட முடியாவிட்டால், விலையில் ஒரு பகுதியைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மறுபுறம், விற்பவரின் கணக்கில் பயன்படுத்தாத உள்ளீட்டு வரி வரவு இருந்தால் ITC-02 படிவம் வழியே அதை உங்களுக்கு மாற்றலாம். அப்படி மாறினால் அதுவும் ஒரு சொத்துதான், பட்டியலில் சேருங்கள். இந்த அச்சகத்தில் அப்படி எதுவும் இல்லை.

கொடுத்த விலை உண்மையில் எவ்வளவு?

முழுதும் ரொக்கமாகக் கொடுத்தால் கேள்வியே இல்லை. நம் கம்பெனி 10,00,000 வங்கி வழியாகவும் மீதிக்கு ஒரு லட்சம் பங்குகளும் தருகிறது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். ஆனால் இரு தரப்பும் ஒரு பங்கை 14 ரூபாய் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆக பங்குகளின் மதிப்பு 14,00,000, மொத்த விலை 24,00,000.

இங்கே முகமதிப்பை மட்டும் எடுத்தால் விலை 20,00,000 ஆகிவிடும். நிகர சொத்து 20,30,000. உடனே 30,000 மூலதனக் காப்பு என்று விடை வரும்! 3,70,000 கூடுதலாகக் கொடுத்து வாங்கிய ஒருவர், மலிவாக வாங்கியதாகப் புத்தகம் சொல்லும். பங்கோ கடன் பத்திரமோ கொடுக்கும்போது அதன் ஒப்புக்கொண்ட மதிப்பு எவ்வளவு என்பதைத்தான் விலையில் சேர்க்க வேண்டும்.

வக்கீல் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம் விற்பவருக்குப் போவதில்லை, எனவே அவை விலையின் பகுதி ஆகா. தொழில் வாங்குவது பற்றிய இந்தியக் கணக்குத் தரம் 103-ஐ, அதாவது Ind AS 103-ஐ, பின்பற்றும் நிறுவனங்கள் அவற்றை அந்த ஆண்டின் செலவாகவே எழுத வேண்டும்.

வாங்குகிறவர் புத்தகத்தில் பதிவுகள்

மூன்று குறிப்பேட்டுப் பதிவுகள் போதும்.

```
1. வணிகக் கொள்முதல் க/கு   பற்று  24,00,000
     விற்பவர் க/கு                        24,00,000

2. இயந்திரம் க/கு           பற்று  15,00,000
   கணினி, அறைகலன் க/கு     பற்று     60,000
   சரக்கு க/கு              பற்று   5,40,000
   கடனாளிகள் க/கு          பற்று   5,00,000
   அட்வான்ஸ், டெபாசிட் க/கு  பற்று   2,00,000
   நற்பெயர் க/கு            பற்று   3,70,000
     வாராக்கடன் ஒதுக்கு க/கு               60,000
     கடனீந்தோர் க/கு                     4,60,000
     வாடிக்கையாளர் முன்பணம் க/கு          1,00,000
     கிராஜுவிட்டி ஒதுக்கு க/கு            1,50,000
     வணிகக் கொள்முதல் க/கு              24,00,000

3. விற்பவர் க/கு            பற்று  24,00,000
     வங்கி க/கு                         10,00,000
     பங்கு முதல் க/கு                    10,00,000
     பத்திர முனைமம் க/கு                  4,00,000
```

இரண்டாவது பதிவில் கடனாளிகளை 5,00,000 என்று முழுதாக எழுதி, 60,000-ஐத் தனி ஒதுக்காகக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வாடிக்கையாளரும் சட்டப்படி தர வேண்டியது முழுத்தொகைதானே. யார் தர மாட்டார் என்று இன்னும் உறுதியாகத் தெரியாதபோது லெட்ஜரில் முழுத்தொகை நிற்பதே நல்லது. இரு பக்கமும் 31,70,000 வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். மூன்றாவது பதிவில் பத்திர முனைமம் என்பது முகமதிப்பான 10 ரூபாய்க்கு மேல் பங்குக்கு 4 ரூபாய் வீதம் வரும் தொகை.

விடை மூலதனக் காப்பாக வந்தால்

விற்பவர் வெளிநாடு போகிற அவசரத்தில் 19,00,000-க்கே கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 20,30,000 − 19,00,000 = 1,30,000 மூலதனக் காப்பு. இரண்டாவது பதிவில் நற்பெயர் வரி மறைந்து, வரவுப் பக்கத்தில் மூலதனக் காப்பு வரும்.

இதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் பட்டியலை இன்னொரு முறை சரிபாருங்கள். 20 ரூபாய்ப் பொருளை 19-க்கு ஒருவர் தருகிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும். விற்பவரின் அவசரம் ஒரு காரணம். இயந்திரத்துக்குக் கூட்டிப் போட்ட மதிப்பு, விட்டுப்போன கடன், அடுத்த ஆண்டு நஷ்டம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருப்பது ஆகியவையும் காரணமாக இருக்கலாம். தரம் 103-ம் இதையே கேட்கிறது: மலிவாக வாங்கியதாக எழுதும் முன் எல்லாச் சொத்தும் கடனும் சரியாக அடையாளம் காணப்பட்டனவா என்று மறுபடி ஆராய வேண்டும். அதன் பிறகும் மிச்சம் இருந்தால், சர்வதேசத் தரத்தில் அது லாப நட்டக் கணக்குக்குப் போகும். இந்தியத் தரத்தில் அது லாபமாகக் காட்டப்படாமல் மூலதனக் காப்பில் சேரும். தொழில் நடத்திச் சம்பாதித்த பணம் அல்ல என்பதால் அதிலிருந்து பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுக்க முடியாது.

3,70,000 நியாயமான தொகையா?

இந்த எண்ணைப் பேரத்துக்கு முன்னாலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. அச்சகத்தின் ஆண்டு லாபம் 7,40,000 என்று விற்பவர் சொல்கிறார். தனிநபர் தொழிலில் முதலாளி தனக்குச் சம்பளம் எழுதிக்கொள்வதில்லை. அவர் செய்த வேலைக்கு ஒரு மேனேஜரை வைத்தால் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. மீதி 3,80,000. முதலீடான 20,30,000-க்கு 12 சதவீதம் வருமானம் சாதாரணமாக எதிர்பார்க்கலாம் என்றால் அது 2,43,600. இரண்டையும் கழித்தால் மிஞ்சும் மிகை லாபம் 1,36,400. ஆக 3,70,000 என்பது சுமார் 2.7 ஆண்டு மிகை லாபம். வாடிக்கையாளர்கள் பழைய முதலாளியின் முகத்துக்காக வராமல் அச்சகத்தின் தரத்துக்காக வருகிறவர்கள் என்றால், இந்த விலையை நான் ஏற்பேன். முகத்துக்காக வருகிறவர்கள் என்றால் ஒரு ஆண்டு அளவுக்கு மேல் கொடுக்க யோசிப்பேன்.

வரிப் பக்கமும் இதில் சேரும். 2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு நற்பெயருக்கு வருமான வரியில் தேய்மானம் கிடையாது. இயந்திரத்துக்கு உண்டு. வாங்கிய வணிகச் சின்னம், உரிமம் போன்ற புலப்படாத சொத்துகளுக்கும் உண்டு. எனவே தனியே அடையாளம் காட்டக்கூடிய ஒரு சொத்தை மதிப்பிடாமல் நற்பெயருக்குள் விட்டுவிட்டால் வரிச் சலுகையை இழப்பீர்கள். மறுபுறம், சலுகைக்காக இயந்திர மதிப்பை ஏற்றிப் போட்டால் மதிப்பீட்டாளர் அறிக்கை இல்லாமல் அது நிற்காது.

வாங்கிய பிறகு வரும் செய்திகள்

ஜூலை மாதம் ஒரு வாடிக்கையாளர் 40,000 தர முடியாது என்று கைவிரிக்கிறார். விசாரித்தால் அவர் கடை பிப்ரவரியிலேயே மூடப்பட்டிருக்கிறது. மார்ச் 31 அன்றே அந்தப் பாக்கி வராது என்பதுதான் உண்மை நிலை, நமக்குத்தான் தெரியவில்லை. தரம் 103-இன்படி வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் இப்படித் தெரியவந்தால் பழைய எண்ணைத் திருத்தலாம்: ஒதுக்கு 1,00,000 ஆகும், நிகர சொத்து 19,90,000, நற்பெயர் 4,10,000. அதே ஜூலையில் இயந்திரத்தின் ஒரு உருளை உடைந்து 40,000 செலவானால், அது வாங்கிய பின் நடந்த விஷயம். நற்பெயரைத் தொடாமல் அந்த ஆண்டின் செலவாக எழுத வேண்டும்.